அடுத்த வெட்டு எப்போது தொடங்கலாம்?

அதிரடி வீடியோ கேம்களில் வாள் வீச்சு ஒன்று முடிய ஏறத்தாழ அரை விநாடி ஆகும். ஆட்டக்காரரின் கட்டைவிரல் அதற்காகக் காத்திருப்பதில்லை. முதல் வெட்டு எதிரியைத் தொடும் முன்பே இரண்டாவது வெட்டுக்கான பட்டனை அது அமுக்கிவிடும். அந்த அமுக்கலை என்ன செய்வது என்பதுதான் காம்போ அமைக்கும் புரோகிராமரின் முதல் கேள்வி. அனிமேஷன் முடியாததால் கண்டுகொள்ளாமல் விட்டால், பட்டன் வேலை செய்யவில்லை என்று ஆட்டக்காரர் எரிச்சலடைவார். உடனே ஏற்று இரண்டாவது வெட்டைத் தொடங்கினால், முதல் வெட்டு எதிரியைத் தொடாமலேயே பாதியில் அறுந்துபோகும். வேகமாகத் தட்டுபவரின் வீரன் வாளை ஓங்கிக்கொண்டே இருப்பானே தவிர யாரையும் வெட்ட மாட்டான்.

இதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. அமுக்கலைச் சிறிது நேரம் நினைவில் வைப்பது இன்புட் பஃபர். ஓடிக்கொண்டிருக்கும் அனிமேஷனை எந்தக் கட்டத்திலிருந்து வெட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவலாம் என்று குறிப்பது கேன்சல் விண்டோ. இரண்டும் சேர்ந்தே வேலை செய்வதால் பலர் இவற்றை ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். பஃபர் ஆட்டக்காரரின் விரலுக்காக இருப்பது. எல்லா அடிக்கும் அது கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கலாம். கேன்சல் விண்டோ அனிமேஷனுக்கு உரியது. ஒவ்வொரு அடிக்கும் அது மாறும். ஒன்றில் இருக்கும் கோளாறை மற்றொன்றைத் திருகிச் சரிசெய்யப் பார்ப்பதால்தான் பல கேம்களில் சண்டை மந்தமாகவோ அலங்கோலமாகவோ ஆகிறது.

கணக்குக்கு வசதியாக விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 16.7 மில்லிவிநாடி. அதில் வீரனின் முதல் வாள்வெட்டு 36 ஃப்ரேம் நீளம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 8 ஃப்ரேமில் அவன் வாளை ஓங்குகிறான். 9 முதல் 12 வரை வாள் உண்மையிலேயே வெட்டும். எதிரியைத் தொட்டால் காயம்படுத்தும் கண்ணுக்குத் தெரியாத பெட்டி, அதாவது ஹிட்பாக்ஸ், அப்போது மட்டும்தான் இயங்கும். 13 முதல் 36 வரை வீச்சின் மிச்சமும், வீரன் பழைய நிலைக்குத் திரும்புவதும். மூன்றில் நீளமானது இந்தக் கடைசிப் பகுதிதான். வாளுக்கு எடை இருக்கிறது என்று கண்ணை நம்பவைப்பதும் அதுவே, விரலின் பொறுமையைச் சோதிப்பதும் அதுவே.

காம்போ என்ற எண்ணமே திட்டமிட்டுப் பிறந்ததல்ல. 1991இல் கேப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உருவான காலத்தில், காரை அடித்து நொறுக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்த நொரிடாகா ஃபுனாமிஸு, தாளம் சரியாக அமைந்தால் ஓர் அடி முடியுமுன் இன்னொன்றைக் கோக்க முடிவதைக் கவனித்தார். சாதாரண ஆட்டக்காரர்களுக்கு இது கைகூடாது என்று நினைத்து, மறைந்த அம்சமாக அப்படியே விட்டுவைத்தார்கள். ஆட்டக்காரர்களோ அதையே ஆட்டத்தின் உயிராக்கிவிட்டார்கள். அந்த வகை கேம்களில் அடிகளைக் கோப்பதன் கடினம் பல ஆண்டுகள் ஒரு பெருமையாகவே இருந்தது.

அந்தக் கடினம் எங்கிருந்து வருகிறது? திரையில் ஒன்றைப் பார்த்து விரல் அசைய மனிதருக்கு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிவிநாடி ஆகும். அதாவது 12 முதல் 15 ஃப்ரேம். ஆகவே கேன்சல் விண்டோ திறந்ததைப் பார்த்துவிட்டு யாரும் பட்டனை அமுக்குவதில்லை. தாளத்தை மனதில் வைத்து, இப்போது திறக்கும் என்று ஊகித்தே அமுக்குகிறார்கள். ஊகம் என்றால் முன்பின் ஆகத்தான் செய்யும். தாமதமாகத் தட்டினால் விண்டோ ஏற்கெனவே திறந்திருக்கும், சிக்கலில்லை. சற்று முன்னதாகத் தட்டினால்தான் எல்லாம் கெடுகிறது. முந்திக்கொண்ட அந்தச் சில ஃப்ரேம்களை மன்னிப்பதே பஃபரின் வேலை.

பஃபர் இல்லாத நிலை எப்படி இருக்கும் என்பதற்கு 2008இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 நல்ல சான்று. அதன் சில தொடரடிகளுக்கு ஒரே ஒரு ஃப்ரேம்தான் இடம். முன்னே தட்டினாலும் பின்னே தட்டினாலும் தொடர் அறுந்துவிடும். ஆட்டக்காரர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். வலுவான அடிக்கான பட்டனை அமுக்கி, அடுத்த ஃப்ரேமிலேயே வலு குறைந்த பட்டனையும் தட்டினால், வலுவான அடி இரண்டு ஃப்ரேம்களில் அடுத்தடுத்துப் பதிவானது. இதற்குப் பிளிங்கிங் என்று பெயர். கேம் தராத பஃபரை விரலாலேயே செய்துகொண்ட வேலை அது. 2016இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 இத்தகைய தொடரடிகளுக்குக் குறைந்தது மூன்று ஃப்ரேம் இடம் கொடுத்ததும் அந்தக் கலைக்குத் தேவை இல்லாமல் போயிற்று. பஃபரில் இன்னும் தாராளமானது சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் வரிசை. 2008இன் பிராலில் அது 10 ஃப்ரேம் வரை போனது.

பஃபரை எழுதுவது சிரமமான காரியமல்ல. அமுக்கிய கணத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு ஃப்ரேமிலும் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: அமுக்கல் இன்னும் புதியதா? விண்டோ திறந்துவிட்டதா?

```csharp
if (attackPressed) bufferedAt = tick;

bool fresh = tick - bufferedAt <= 8;
bool open  = frame >= cancelFrom;

if (fresh && open) {
    bufferedAt = -999;
    StartAttack(next);
}
```

`tick` என்பது கேமின் கடிகாரம். `frame` என்பது ஓடும் அனிமேஷன் எத்தனையாவது ஃப்ரேமில் இருக்கிறது என்பது. இரண்டும் வேறு வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். `-999` என்று மாற்றி எழுதும் வரியும் முக்கியமானது. அது இல்லாவிட்டால் ஒரே அமுக்கல் இரண்டு வெட்டுகளை எழுப்பிவிடலாம். திரை எத்தனை ஃப்ரேம் காட்டினாலும் `tick` விநாடிக்கு 60 முறைதான் ஏற வேண்டும். திரை ஃப்ரேமை எண்ணினால், 30 ஃப்ரேமில் திணறும் கணினியில் அதே 8 ஃப்ரேம் பஃபர் 133 மில்லிவிநாடியிலிருந்து 267 ஆக நீண்டுவிடும். வேறொரு கேமையே ஆடுவதுபோல் இருக்கும்.

இனி கேன்சல் விண்டோ. எடுத்துக்கொண்ட வெட்டில் அது ஒற்றைக் கதவு அல்ல. உருண்டு தப்பிக்க 13ஆம் ஃப்ரேமிலிருந்தே அனுமதி; வெட்டி முடித்த கணத்தில் ஆபத்து வந்தால் ஆட்டக்காரர் தப்பிக்க வழி வேண்டும். அடுத்த வெட்டுக்கு 17ஆம் ஃப்ரேம். சாதாரண நடைக்கு 28. நடையைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு: ஆட்டக்காரரின் இடது கட்டைவிரல் எப்போதும் ஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். நடைக்கும் 13இலேயே கதவைத் திறந்தால் எந்த வெட்டின் மிச்ச வீச்சையும் யாரும் பார்க்கவே முடியாது. ஸ்டிக் என்பது கேட்டுப் பெறும் கட்டளை அல்ல, பிடித்துக்கொண்டிருக்கும் நிலை. அதைப் பஃபரில் போடுவதும் தவறு.

இந்த அளவுகளை வைத்து மூன்று அமுக்கல்களைப் பார்க்கலாம். முதலாமவர் 12ஆம் ஃப்ரேமில் தட்டுகிறார். விண்டோ திறக்க இன்னும் 5 ஃப்ரேம். பஃபர் அதைப் பிடித்து வைத்திருந்து, 17இல் இரண்டாவது வெட்டைத் தொடங்கிவிடும். 5 ஃப்ரேம் முந்தியது அவருக்கே தெரியாது. விரலுக்கு வாள் கீழ்ப்படிந்தது என்றுதான் தோன்றும். இரண்டாமவர் 22இல் தட்டுகிறார். கதவு திறந்தே இருக்கிறது, உடனே அடுத்த வெட்டு. மூன்றாமவர் 6ஆம் ஃப்ரேமில், வாள் இன்னும் ஓங்கிய நிலையிலேயே தட்டிவிடுகிறார். விண்டோ திறக்கும்போது அந்த அமுக்கலுக்கு வயது 11 ஃப்ரேம், காலாவதி. எதுவும் நடக்காது.

மூன்றாமவருக்கு என்ன நியாயம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு கையாலும் தூக்கும் பெரிய கோடரிக்கு ஓங்கவே 20 ஃப்ரேம் ஆகும்போது, 8 ஃப்ரேம் பஃபர் என்பது ஒப்புக்குத்தான். அதனால் சில கேம்களில் வயதைப் பார்ப்பதில்லை. இந்த அடியின் இத்தனையாவது ஃப்ரேமுக்குப் பிறகு வந்த அமுக்கல் எதுவானாலும் விண்டோ திறக்கும்வரை செல்லும் என்று அடிக்கு அடி ஒரு கோடு கிழித்துவிடுவார்கள். மெதுவான ஆயுதங்களுக்கு இதுவே நல்ல வழி. ஆனால் முன்பு தட்டியதை மறந்து மனம் மாறியவருக்கும் இரண்டாவது அடி கிடைத்துவிடும் என்பது அதன் விலை.

தாமதத்துக்கும் ஒரு மன்னிப்பு தேவைப்படுகிறது. 36இல் அனிமேஷன் முடிந்து, 40இல் ஒருவர் தட்டினால் அது இரண்டாவது வெட்டா, மறுபடி முதல் வெட்டா? முடிந்த பிறகும் 15 ஃப்ரேம்போல காம்போ எண்ணை நினைவில் வைத்திருந்தால் இரண்டாவது வெட்டு வரும். 2009இல் ஹிடேகி காமியா இயக்கிய பயோனெட்டா இந்த நினைவை இன்னும் நீட்டியது: அடிக்கும் பட்டனைப் பிடித்தபடியே விலகித் தப்பித்தால், தப்பித்த பிறகும் காம்போ விட்ட இடத்திலிருந்து தொடரும். எந்த அனிமேஷன் ஓடுகிறது என்பதும், காம்போ எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் தனித்தனிச் செய்திகளாக வைக்கப்பட்டிருந்தால்தான் இது முடியும்.

சோதனையில் எளிதில் அகப்படாத ஒரு சிக்கல் ஹிட்ஸ்டாப்பில் இருக்கிறது. வாள் எதிரியைத் தொட்டதும் அடியின் கனத்தைக் காட்ட, வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் சில ஃப்ரேம் அப்படியே உறைந்து நிற்பார்கள். எடுத்துக்கொண்ட வெட்டில் அது 6 ஃப்ரேம் என்று கொள்ளலாம். ஆட்டக்காரர் அடுத்த அடியைத் தட்டப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது இந்தக் கணத்தைத்தான்; அடி விழுந்தது என்று கண்ணுக்கும் காதுக்கும் தெரியும் நேரம் அது. வாள் 9ஆம் ஃப்ரேமில் தொட்டு உறைகிறது, அந்தக் கணமே அவர் தட்டுகிறார். அனிமேஷன் 17ஐ எட்ட 8 ஃப்ரேம் வேண்டும். உறைந்த 6ஐயும் சேர்த்தால் 14. பஃபரின் கடிகாரம் உறையாமல் ஓடிக்கொண்டிருந்தால் அமுக்கல் காலாவதியாகிவிடும். அதே அமுக்கல், வாள் யாரையும் தொடாமல் காற்றை வெட்டியிருந்தால் 8இலேயே செல்லுபடியாகியிருக்கும். ஆக, அடி தவறினால் காம்போ தொடரும், அடி விழுந்தால் அறுந்துவிடும் என்ற தலைகீழ் நிலை. உறையும்போது `tick`கையும் உறைய வைத்தால் தீர்ந்தது. பட்டனைக் கவனிப்பதை மட்டும் உறைய விடக் கூடாது.

இவ்வளவும் விரலின் பக்கம். கண்ணின் பக்கம் பார்த்தால், 36 ஃப்ரேம் வெட்டை 17இல் அறுத்த பிறகும் அது முழுமையாக முடிந்ததுபோல் தோன்ற வேண்டும். இதில் பெரும்பங்கு அனிமேட்டருடையது. வாள் வீச்சின் கடைசியில், 15இலிருந்து 26வரை, வீரனின் உடல் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும்படி வரைவார்கள். முற்றிலும் அசையாமல் இல்லை, தோளும் வாள் முனையும் மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கும். இரண்டாவது வெட்டு அதே நிலையிலிருந்து தொடங்கும். அப்போது 17இல் அறுத்தாலும் 24இல் அறுத்தாலும் இரண்டு படங்களும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும். மூன்று, நான்கு ஃப்ரேம் கலப்பு மிச்ச வித்தியாசத்தை மறைத்துவிடும். கேன்சல் விண்டோவை எங்கே வைப்பது என்பதற்கு உண்மையான விடை இதுதான்: வீச்சு கண்ணுக்கு முடிந்துவிட்ட, உடல் இன்னும் திரும்பத் தொடங்காத அந்த நிற்கும் பகுதியில். உடல் வேகமாக நகரும் ஃப்ரேமில் விண்டோ திறந்தால் எவ்வளவு கலந்தாலும் கை குதிப்பது தெரியும். கலப்பை 10 ஃப்ரேமுக்கு நீட்டினால் குதிப்பு போய்விடும். கூடவே இரண்டாவது வெட்டின் ஓங்கலும் கரைந்து சப்பென்று ஆகிவிடும்.

பட்டனே தட்டாதவருக்கு 36 ஃப்ரேமும் முழுதாக ஓடும். வீரன் வாளைத் திருப்பி, காலைச் சேர்த்து, மூச்சு வாங்கி நிற்பான். அனிமேட்டர் உழைத்த அந்தப் பின்பகுதி காம்போவின் கடைசி அடியில் எப்படியும் திரையில் வரும். கடைசி அடிக்கு மட்டும் விண்டோவைத் தாமதமாகத் திறப்பது வழக்கம்.

அறுப்பதில் கண்ணுக்குத் தெரியாத அபாயம் ஒன்று உண்டு. ஹிட்பாக்ஸை அணைப்பது, வாளின் ஒளிக்கீற்றை நிறுத்துவது, காம்போ எண்ணைத் திருப்பி வைப்பது போன்ற துப்புரவு வேலைகளை அனிமேஷனின் கடைசியில் ஒரு நிகழ்வாக வைப்பது தொடக்கநிலையாளரின் பழக்கம். 17இல் அறுந்த அனிமேஷன் 30ஆம் ஃப்ரேமைத் தொடுவதே இல்லை; அங்கே வைத்த நிகழ்வு நடக்காது. உருண்டு தப்பிக்கும் வீரனின் வாள் உருளும்போதும் எதிரிகளைக் காயப்படுத்திக்கொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். துப்புரவை அனிமேஷனின் முடிவில் வைக்காமல், அந்த அடியின் நிலையை விட்டு எந்த வழியில் வெளியேறினாலும் ஓடும் இடத்தில் வைக்க வேண்டும். அன்ரியல் எஞ்சினின் `AnimNotifyState` இதற்குக் கைகொடுக்கிறது: தொடக்கமும் முடிவும் கொண்ட அந்தக் குறியின் முடிவு, அனிமேஷன் இடையில் அறுந்தாலும் அழைக்கப்படும்.

யூனிட்டியில் வேறொரு பொறி. அதன் அனிமேட்டரில் `SetTrigger` கொடுத்தால், அந்த டிரிக்கரை ஏதாவது ஒரு மாற்றம் பயன்படுத்தும்வரை அது எரிந்தபடியே இருக்கும். அதாவது வயதே இல்லாத பஃபர். மூன்று வெட்டு காம்போவில் நான்காவது முறை தட்டியவரின் டிரிக்கர் அணையாமல் காத்திருந்து, அவர் சண்டையை விட்டு நகர நினைக்கும்போது வாளை வீசிவிடும். `ResetTrigger` கொடுத்து அணைக்கலாம். அதைவிட, அமுக்கலின் வயதைத் தன் குறியீட்டிலேயே கணக்கு வைத்துக்கொண்டு, தீர்மானமான பிறகு மட்டும் அனிமேட்டரிடம் சொல்வது பாதுகாப்பானது. மாற்றத்தில் `Has Exit Time` தேர்வாகியிருந்தால் நேர் எதிரான நோய்: குறித்த இடம் வரும்வரை மாற்றம் காத்திருக்கும், விண்டோவை எங்கே திறந்தாலும் பயனிருக்காது.

பழைய அமுக்கல் பேயாக எழுந்து அடிப்பது பெரிய கேம்களிலும் உண்டு. டார்க் சோல்ஸ் வகை கேம்களில் அடிபட்டுத் தடுமாறும்போது பதற்றத்தில் தட்டியது, தடுமாற்றம் தீர்ந்ததும் வேண்டாத நேரத்தில் நடந்துவிடுவது ஆட்டக்காரர்களின் பழைய முறையீடு. இதற்கு வரிசையாக அமுக்கல்களைச் சேர்க்காமல் ஒரே ஓர் இடம் வைத்து, புதியது வந்தால் பழையதை அழிப்பது முதல் காவல். தப்பிக்கும் கட்டளையைப் பின்னால் வந்த வெட்டு அழிக்க முடியாதபடி அதற்கு முன்னுரிமை தருவது இரண்டாவது. அடிபட்ட கணத்தில் பஃபரைக் காலி செய்வது மூன்றாவது. ஆனால் தடுமாற்றத்தின் கடைசி ஃப்ரேம்களில் தட்டியதை ஏற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எழுந்து ஓட முடியவில்லை என்ற குறை வரும்.

கோளாறு எந்தப் பக்கம் என்பதைச் சோதிப்பவரின் சொற்களிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். "தட்டினேன், அடிக்கல" என்றால் பஃபர் குட்டை, அல்லது கடிகாரம் தவறு. "நான் தட்டாமலே அடிக்கிறான்" என்றால் பஃபர் நீளம், அல்லது காலி செய்யப்படவில்லை. "அடிக்கிறான், ஆனா லேட்டா" என்றால் கைவைக்க வேண்டியது பஃபரில் அல்ல, விண்டோவில். உறுதிசெய்ய, ஒவ்வொரு அமுக்கலும் விண்டோ திறப்பதற்கு எத்தனை ஃப்ரேம் முன்னே வந்தது, ஏற்கப்பட்டதா, காலாவதியானதா, அழிக்கப்பட்டதா என்று பதிவு செய்தால் போதும். காலாவதியானவற்றில் பெரும்பாலானவை 9, 10 ஃப்ரேமில் குவிந்திருந்தால் பஃபரை 10 ஆக்கலாம். 20, 25 என்று சிதறியிருந்தால் அவை வெறும் படபடத் தட்டல்கள், அவற்றை விட்டுவிடலாம்.

பஃபரால் முடியாத ஒன்றும் உண்டு. பட்டனிலிருந்து திரைவரை ஆகும் தாமதத்தை, அதாவது கட்டுப்பாட்டுக் கருவி, கேம், தொலைக்காட்சி ஒவ்வொன்றும் சேர்க்கும் சில ஃப்ரேம்களை, அது குறைப்பதில்லை. காம்போவின் நடுவில் வரும் அடிகளுக்கு அந்தத் தாமதம் தெரியாமல் பஃபர் மறைத்துவிடும். நின்றுகொண்டிருக்கும் வீரனின் முதல் வெட்டுக்கு அந்தத் தாமதம் அப்படியே தெரியும். ஆகவே கேமின் துடிப்பைச் சோதிக்க விரும்புபவர் காம்போவைவிட அந்த முதல் வெட்டைத்தான், விநாடிக்கு 240 ஃப்ரேம் பதியும் கைப்பேசிக் கேமராவில் விரலும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி எடுத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட படங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.